பினாட்டுபோ வெடித்த பின் பூமி ஏன் குளிர்ந்தது?

கேள்வி: எரிமலை என்றாலே நெருப்பும் கொதிக்கும் குழம்பும்தானே. அது வெடித்தால் உலகமே ஓரிரு வருடம் குளிர்ந்துவிடும் என்கிறார்களே, சாம்பல் வெயிலை மறைப்பதாலா? அப்படியென்றால் ஏன் எல்லா எரிமலையும் குளிர வைப்பதில்லை?

பதில்:

சாம்பலுக்கு இதில் உள்ள பங்கு மிகக் குறைவு. குளிர்விப்பது கந்தகம். அதுவும் மழை மேகங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த கந்தகம் மட்டுமே. எவ்வளவு கந்தகம், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியின் இரு பகுதிகளுக்கும் விடை கிடைத்துவிடும். இதை 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் வெடித்த பினாட்டுபோ எரிமலையை வைத்தே விளக்க விரும்புகிறேன். அதைவிடப் பெரிய வெடிப்புகள் வரலாற்றில் உண்டு. ஆனால் செயற்கைக்கோள்களும் பலூன்களும் லேசர் கருவிகளும் கண்காணித்துக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய வெடிப்பு அதுதான். அதனால் வாயு வெளியேறியதிலிருந்து வெப்பநிலை இறங்கி மீண்டும் ஏறியது வரை ஒவ்வொரு கட்டமும் அளவீடாகப் பதிவாகியிருக்கிறது.

சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த மலை, சில வாரச் சிறு வெடிப்புகளுக்குப் பிறகு, 1991 ஜூன் 15 அன்று பிற்பகலில் முழு வீச்சில் வெடித்தது. சாம்பலும் வாயுவும் கலந்த தூண் 35 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தது. அதே நாளில் யுன்யா என்ற சூறாவளியும் அந்தத் தீவைக் கடந்துகொண்டிருந்ததால், விழுந்த சாம்பல் மழைநீரை உறிஞ்சிக் கனத்து, வீடுகளின் கூரைகளைச் சரித்தது; அந்த வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இறந்தார்கள். இந்தத் துயரத்திலேயே சாம்பலின் இயல்பும் தெரிகிறது. சாம்பல் என்று நாம் சொன்னாலும் அது பொடியான பாறையும் கண்ணாடியும்தான். விறகுச் சாம்பலைப் போல மென்மையானதன்று. எடை அதிகம் என்பதால் பெருந்துகள்கள் சில மணி நேரத்திலும், நுண்ணியவை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள்ளும் கீழே இறங்கிவிடுகின்றன. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டப்பகலை இருட்டாக்க அதனால் முடியும். ஆனால் அடுத்த ஆண்டின் கோடையைக் குளிர்விக்கும் அளவுக்கு அது வானில் தங்குவதில்லை.

குழம்பின் வெப்பத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த வெப்பம் மலையடிவாரத்துக்குப் பேரழிவாக இருந்தாலும், பூமி முழுவதும் சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. எரிமலை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான்: பினாட்டுபோ வெளியிட்டது, மனிதர்கள் அந்த ஓராண்டில் எரிபொருளை எரித்து வெளியிட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இனி கந்தகம். பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள் ஆகியவை, மூடிய சோடாப் புட்டியில் வாயு கரைந்திருப்பதைப் போல, அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கின்றன. குழம்பு மேலே ஏறி அழுத்தம் குறையும்போது அவை குமிழிகளாகப் பிரிந்து விரிகின்றன. வெடிப்புக்கு விசை தருவதே இந்த விரிவுதான். பினாட்டுபோவில் ஒரு வியப்பு இருந்தது. உறைந்த பாறையில் சிக்கியிருந்த நுண்ணிய கண்ணாடித் துளிகளைப் பகுத்து, குழம்பில் எவ்வளவு கந்தகம் கரைந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டால், வானில் அளக்கப்பட்ட கந்தகத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே கணக்கு வந்தது. மீதிக் கந்தகம் வெடிப்புக்கு முன்பே குமிழிகளாகப் பிரிந்து, குழம்பறையின் மேற்பகுதியில் சேர்ந்து காத்திருந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆகவே வெளிவந்த பாறையின் அளவைப் பார்த்துக் கந்தகத்தின் அளவை ஊகிக்க முடியாது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

வெடிப்பு நடந்தபோது நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஒரு கருவி ஓசோனை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓசோனைப் போலவே கந்தக டை ஆக்சைடும் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால், அந்தக் கருவியால் எரிமலை வாயுவையும் அளக்க முடிந்தது. அந்த அளவீடுகளின்படி பினாட்டுபோ மேலே அனுப்பிய கந்தக டை ஆக்சைடு சுமார் 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரை இருக்கும்.

இந்த வாயு எந்த உயரத்தில் நின்றது என்பதுதான் அடுத்து முக்கியமானது. நாம் வாழும் கீழ் வளிமண்டலத்தில் மேலே போகப்போகக் குளிர் கூடும். கீழே சூடான காற்று மேலே எழும், மேகம் திரளும், மழை பெய்யும். அங்கே கலக்கும் எந்தத் துகளையும் மழை ஓரிரு வாரங்களில் கழுவிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப மண்டலத்தில் சுமார் 16 அல்லது 17 கிலோமீட்டர் உயரத்தில் இந்த அடுக்கு முடிந்து, ஸ்ட்ராடோஸ்பியர் எனப்படும் அடுக்கு வளிமண்டலம் தொடங்குகிறது. அங்கே ஓசோன் சூரிய ஒளியை உறிஞ்சுவதால், மேலே போகப்போக வெப்பம் கூடுகிறது. கனமான குளிர்காற்று கீழும் இலேசான வெப்பக்காற்று மேலும் இருப்பதால், அந்த அடுக்கில் மேலும் கீழுமான கலக்கம் இல்லை, மழையும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பொருளை விரைவாகக் கீழே கொண்டுவர எதுவும் கிடையாது. பினாட்டுபோவின் கந்தகம் இந்த எல்லையைத் தாண்டி, பெரும்பகுதி 20 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது.

ஆனால் கந்தக டை ஆக்சைடு நிறமற்ற வாயு. கண்ணுக்குத் தெரியும் வெயிலை அது மறைப்பதில்லை. அது முதலில் உருமாற வேண்டும். ஸ்ட்ராடோஸ்பியரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ராக்சில் என்ற வீரியமிக்க மூலக்கூற்றுத் துணுக்குகள் அந்த வாயுவோடு வினைபுரிகின்றன. அதன் முடிவில் கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அங்குள்ள சொற்ப நீராவியையும் சேர்த்துக்கொண்டு நுண்துளிகளாகத் திரள்கிறது. இந்த மாற்றம் உடனடியாக நடப்பதில்லை. பினாட்டுபோவின் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறுவதற்கு ஐந்து வாரங்கள் ஆயின. அதனால் வெடிப்பு நடந்த வாரத்தில் குளிர்ச்சியைத் தேடினால் கிடைக்காது. திரை பல மாதங்களாக, வாயுவிலிருந்து சிறிது சிறிதாகத்தான் நெய்யப்படுகிறது.

இதற்கிடையே காற்று அதைப் பரப்பிக்கொண்டிருந்தது. பினாட்டுபோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 15 பாகையில் உள்ளது. அந்த உயரத்தில் அப்போது வீசிய கிழக்குக் காற்று கந்தகப் படலத்தை மேற்கு நோக்கி இழுத்துச்சென்று, சுமார் மூன்று வாரங்களில் பூமியை ஒரு முறை சுற்றி வளைத்தது. முதலில் வெப்ப மண்டலத்தின் மேல் ஒரு பட்டையாக இருந்த அது, அடுத்த மாதங்களில் இரு துருவங்களை நோக்கியும் பரவியது. ஸ்ட்ராடோஸ்பியரில் காற்று வெப்ப மண்டலத்தின் மேல் மெல்ல எழுந்து, துருவங்களை நோக்கி நகர்ந்து, அங்கே இறங்குகிறது. இந்த மந்தமான சுழற்சியின் தொடக்கப் புள்ளியில் கந்தகம் சேர்ந்ததால்தான் அது இரு அரைக்கோளங்களுக்கும் போனது. இறங்கும் இடத்துக்கு வந்து சேர அதற்கு நீண்ட காலமும் பிடித்தது. துருவத்துக்கு அருகில் வெடிக்கும் எரிமலைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதன் கந்தகம் தன் அரைக்கோளத்தை விட்டு அதிகம் போகாமல் சில மாதங்களில் இறங்கிவிடும். அலாஸ்காவில் 1912-இல் நிகழ்ந்த நோவாருப்டா வெடிப்பு, குழம்பின் அளவால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரியது. ஆயினும் உலகத் தட்பவெப்பத்தில் அதன் சுவடு பினாட்டுபோவை நெருங்கவில்லை.

துளிகள் உருவாகிப் பரவிவிட்டன. அவை வெயிலை என்ன செய்கின்றன? இங்கே துளியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பினாட்டுபோவின் துளிகள் சுமார் அரை மைக்ரோமீட்டர் ஆரம் கொண்டவை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ அதே அளவுதான். அலைநீளத்தோடு ஒத்த அளவுள்ள துகள்கள் ஒளியை மிகத் திறமையாகச் சிதறடிக்கும். சிதறிய ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே போய்த் தரையை அடைகிறது, ஒரு பகுதி மட்டுமே விண்வெளிக்குத் திரும்புகிறது. ஆகவே அந்த நாட்களில் வானம் இருண்டுவிடவில்லை. நேராக வரும் வெயில் கணிசமாகக் குறைந்தது. வானம் முழுவதிலிருந்தும் வரும் பரவிய ஒளி கூடியது. நீல வானம் வெளிறியது; அந்தி சிவந்து நெடுநேரம் நீடித்தது. இழப்பு என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான சிறு வித்தியாசம்தான். கண் அதை உணராது. பூமியின் வெப்பக் கணக்கு உணரும்.

பூமி இரவில் வெளிவிடும் வெப்பத்தை இந்தத் துளிகள் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்கின்றன, ஆனால் குறைவாக. பூமியின் வெப்பக் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியது. அரை மைக்ரோமீட்டர் துளி அவற்றுக்கு மிகச் சிறிய தடை. உள்ளே வரும் ஒளியைத் திருப்பும் அளவோடு ஒப்பிட்டால், வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் அளவு மிகவும் குறைவு. துளிகள் இரண்டு மைக்ரோமீட்டரையும் தாண்டிப் பெருத்திருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறத் தொடங்கியிருக்கும். பிடிபட்ட அந்தக் கொஞ்ச வெப்பம் துளிகள் இருந்த அடுக்கையே சூடாக்கியது. வெப்ப மண்டலத்தின் மேலே, ஸ்ட்ராடோஸ்பியரின் கீழ்ப்பகுதி 2 முதல் 3 டிகிரி வரை வெப்பமடைந்தது. மேலே சூடு, கீழே குளிர் என்ற இந்த இரட்டை அடையாளத்தை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு பொருள் இந்த வேலையைச் செய்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு முழுவதும் மாறினால் சுமார் 3 கோடி டன் கந்தக அமிலம் கிடைக்கும். பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். சமமாகப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வருகிறது. ஒரு துளி தண்ணீரின் எடைதான் அது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே, விண்வெளி வரை உள்ள காற்றில் ஒரே ஒரு துளி! அது கோடானுகோடி நுண்துளிகளாக உடைந்து தொங்குவதால்தான் ஒளியை மறிக்கப் போதுமான பரப்பு அதற்குக் கிடைக்கிறது.

அந்த ஒரு துளி எவ்வளவு வெப்பத்தைத் திருப்பியது? பூமி சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 240 வாட் சூரிய ஆற்றலை உள்வாங்குகிறது. பினாட்டுபோவின் திரை உச்சத்தில் இருந்த மாதங்களில் இந்த வரவில் 3 முதல் 4 வாட் வரை குறைந்தது. நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை என்ற அளவிலான இழப்பு இது.

இதனால் வெப்பநிலை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைக் கையாலேயே மதிப்பிடலாம். பூமியின் பெரும்பகுதி கடல். ஓரிரு ஆண்டுக் கணக்கில், காற்றோடும் வெயிலோடும் தொடர்பில் இருப்பது கடலின் மேல் 50 மீட்டர் நீர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 50 மீட்டர் ஆழமும் கொண்ட நீரின் எடை 50 டன். அதை ஒரு டிகிரி குளிர்விக்க 21 கோடி ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஓராண்டுக்கு 3.15 கோடி விநாடிகள்; விநாடிக்கு 3 ஜூல் வீதம் வரவு குறைந்தால் ஓராண்டின் மொத்த இழப்பு சுமார் 9.5 கோடி ஜூல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.45 டிகிரி. இது மிக எளிமையான கணக்கு. குளிர்ந்த கடல் வெளிவிடும் வெப்பமும் குறையும், ஆழ்கடல் கொஞ்சம் ஈடுகொடுக்கும், நிலம் கடலைவிட வேகமாகக் குளிரும், திரையும் ஆண்டு முழுவதும் ஒரே தடிமனில் இருக்காது. இந்தத் திருத்தங்கள் சில ஏற்றவும் சில இறக்கவும் செய்கின்றன. ஆனால் விடை அரை டிகிரி என்ற தரத்தில் இருக்கும் என்பதும், பத்து டிகிரியாகவோ ஆயிரத்தில் ஒரு பங்காகவோ இருக்காது என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது.

முறையான கணக்கை அமெரிக்காவின் நாசா ஆய்வு மையம் ஒன்றில் ஜேம்ஸ் ஹேன்சனும் அவருடைய குழுவினரும் கணினி மாதிரியைக் கொண்டு செய்தார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அதுதான். 1992-இன் தொடக்கத்தில், விளைவு தெரிவதற்கு முன்பே, அவர்கள் தங்கள் முன்கணிப்பை வெளியிட்டார்கள்: உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கும், 1992-இன் பிற்பகுதியில் அடிமட்டத்தைத் தொடும், பிறகு சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பும் என்றார்கள். தவறியிருந்தால் எல்லோருக்கும் தெரியும்படி தவறியிருப்பார்கள். 1992-இல் உலகச் சராசரி ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. 1995-க்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் இறங்கியது எரிமலையால்தான் என்று எப்படிச் சொல்வது? வெப்பநிலை தானாகவே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கக்கூடியது. இந்த ஐயம் நியாயமானது. அதிலும் 1991-92-இல் பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற நிலை நிலவியது. எல் நினோ உலகச் சராசரியை உயர்த்தும். அதாவது எரிமலையின் குளிர்ச்சியில் ஒரு பகுதியை அது மறைத்துக்கொண்டிருந்தது. 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது இந்தச் சிக்கல் மேலும் கடுமையாக இருந்தது. அது வெளியிட்ட கந்தக டை ஆக்சைடு சுமார் 70 லட்சம் டன்தான். அதே நேரத்தில் மிக வலிய எல் நினோ ஒன்று எழுந்ததால், தரை வெப்பநிலையை மட்டும் பார்த்தால் எல் சிச்சோனின் குளிர்ச்சி கண்ணில் படவே இல்லை. அதனால் ஆய்வாளர்கள் பசிபிக் கடலின் வெப்பநிலையைக் கொண்டு எல் நினோவின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே எரிமலையின் பங்கைப் படிக்கிறார்கள்.

தனியொரு வெப்பமானியை நம்பாமல் பல அடையாளங்கள் ஒருங்கே வருகின்றனவா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. முதலாவது, முன்பு சொன்ன இரட்டை அடையாளம். பூமி இயல்பாகக் குளிர்ந்தாலும் ஸ்ட்ராடோஸ்பியர் அதோடு திடீரென வெப்பமடையக் காரணமில்லை. சூரியனே மங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து குளிர்ந்திருக்கும். மேலே சூடும் கீழே குளிரும் ஒரே நேரத்தில் தோன்றுவது, இடையில் ஒரு துகள் படலம் தொங்குகிறது என்பதற்கான கைரேகை. இரண்டாவது, விண்வெளிக்குத் திரும்பும் ஒளியைச் செயற்கைக்கோள்கள் நேராகவே அளந்தன, அது கூடியிருந்தது. மூன்றாவது, நீராவி. குளிர்ந்த காற்றில் குறைவான நீராவியே தங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு என்பதால், அது குறையும்போது குளிர்ச்சி இன்னும் கூடுகிறது. பினாட்டுபோவுக்குப் பின் மேல் காற்றில் நீராவி குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. மாதிரியில் இந்த நீராவி விளைவை நிறுத்திவிட்டுக் கணக்கிட்டால், உண்மையில் அளந்த அளவுக்குக் குளிர்ச்சி வரவில்லை; சேர்த்துக் கணக்கிட்டால் பொருந்தியது.

அரை டிகிரி என்பது உலகச் சராசரி. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக விழவில்லை. 1992 கோடையில் வட அமெரிக்காவின் உட்பகுதிகளில் குளிர்ச்சி சராசரியைவிடப் பல மடங்காக இருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்திலோ வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பகுதிகள் வழக்கத்தைவிட மிதமாக இருந்தன. வெப்ப மண்டலத்தின் மேலே ஸ்ட்ராடோஸ்பியர் சூடானதால் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுப்பெற்று, கடலின் மிதவெப்பத்தை நிலத்துக்குள் கொண்டுவந்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். அது தற்செயலான மாறுபாடாகவும் இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் உறுதியாகப் பேசத் தயக்கம் உண்டு. மழையைப் பற்றிய செய்தி இதைவிடத் தெளிவானது. வெயில் குறைந்தால் கடலிலிருந்து ஆவியாகும் நீர் குறையும். ஆவி குறைந்தால் மழை குறையும். 1992-ஐ ஒட்டி உலகின் நிலப்பகுதிகளில் மழையும், ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. எல் நினோவுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

இது ஏன் ஓரிரு ஆண்டோடு நிற்கிறது? துளிகள் மிகச் சிறியவை என்றாலும் எடையற்றவை அல்ல. தம் எடையால் அவை ஓராண்டில் சில கிலோமீட்டர் இறங்குகின்றன. ஸ்ட்ராடோஸ்பியரின் மந்தமான சுழற்சி அவற்றை நடு அகலாங்குகளுக்கும் துருவங்களுக்கும் கொண்டுபோய்க் கீழ் அடுக்கில் இறக்கிவிடுகிறது. அங்கே மழை காத்திருக்கிறது. வெப்ப மண்டல வெடிப்பு ஒன்றின் படலம் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முதலாண்டு முடிவில் மூன்றில் ஒன்று, இரண்டாமாண்டு முடிவில் ஒன்பதில் ஒன்று என்று தேய்ந்து, மூன்றாம் ஆண்டில் அதன் தாக்கம் இயல்பான ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடுகிறது. படலம் 1992-இன் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தாண்டிவிட்டது. வெப்பநிலையோ அதன்பின் பல மாதங்கள் கழித்துத்தான் அடிமட்டத்தைத் தொட்டது. கடல் மெதுவாகக் குளிர்ந்து மெதுவாக மீள்வதால் வந்த தாமதம் அது. கடலின் இந்த மந்தம் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. 3 வாட் இழப்பு பல பத்தாண்டுகள் நீடித்திருந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி அல்லது அதற்கும் மேல் இறங்கியிருக்கும். கடல் முழுமையாகக் குளிர்வதற்குள் திரை விலகிவிட்டதால் அரை டிகிரியோடு நின்றது.

எல்லா எரிமலையும் ஏன் இதைச் செய்வதில்லை என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது. 1980-இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது ஒரு பக்கமே சரிந்து, காடுகள் தரைமட்டமாகி, உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. ஆனால் அது வெளியிட்ட கந்தக டை ஆக்சைடு சுமார் 10 லட்சம் டன்தான். வெடிப்பின் முதல் வேகமும் பக்கவாட்டில் போனது. உலக வெப்பநிலையில் அதன் தடயம் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வெடித்த எல் சிச்சோன், வெளித்தள்ளிய பொருளின் அளவில் அதற்கு ஏறத்தாழ ஒப்பானது. கந்தகத்தில் ஏழு மடங்கு. இந்த ஜோடியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், பார்க்க வேண்டியது பாறையின் அளவை அல்ல, கந்தகத்தை என்பது பலருக்கும் உறைத்தது. 2022 ஜனவரியில் தொங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்ததில் தூண் 57 கிலோமீட்டர் உயரம் சென்றது. உயரத்தில் பினாட்டுபோவை மிஞ்சியது. ஆனால் அதன் கந்தகம் பினாட்டுபோவில் ஒரு சிறு பங்கே. அதற்குப் பதிலாகக் கடல்நீரையே கொதிக்க வைத்துச் சுமார் 15 கோடி டன் நீராவியை ஸ்ட்ராடோஸ்பியருக்கு அனுப்பியது. பினாட்டுபோவைப் போன்ற குளிர்ச்சி அதைத் தொடர்ந்து வரவில்லை. உயரம் மட்டும் போதாது, கந்தகமும் வேண்டும் என்பதற்கு அது சான்று.

மறுமுனையில், கந்தகம் கூடினால் குளிர்ச்சியும் அதே வீதத்தில் கூடுமா? கூடாது. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் 1815 ஏப்ரலில் வெடித்த தம்போரா சுமார் 6 கோடி டன் கந்தக டை ஆக்சைடை வெளியிட்டதாகத் துருவப் பனிப்பாளங்களில் படிந்த கந்தகத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். பினாட்டுபோவைப் போல அது மூன்று மடங்கு. 1816-இல் வடகிழக்கு அமெரிக்காவில் ஜூன் மாதத்தில் பனி விழுந்தது. மேற்கு ஐரோப்பாவில் பயிர்கள் அழுகிப் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டைக் கோடை இல்லாத ஆண்டு என்றே அழைத்தார்கள். ஆனால் மர வளையங்கள், அக்காலத்தின் சில வெப்பமானிப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட்டால் உலகச் சராசரி இறக்கம் 0.4 முதல் 0.7 டிகிரி வரைதான் இருந்திருக்கும். ஒன்றரை டிகிரியாக இல்லை. காரணம் துளிகளிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் அதிகக் கந்தகம் சேரும்போது புதுத் துளிகள் பிறப்பதைவிட, இருக்கும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருப்பது அதிகம். பெருத்த துளி, அதே எடைக்குக் குறைவான பரப்பையே காட்டும். ஒளியைத் திருப்பும் திறன் குறையும். வெளியேறும் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். விரைவாகக் கீழே இறங்கியும் விடும். கந்தகத்தை மும்மடங்காக்கிய எரிமலை, அதே காரணத்தால் தன் திரையின் ஆயுளையும் தானே குறைத்துக்கொள்கிறது.